ஒரு ராத்திரி சிங்க் ஓடாது: அதை மெயிலில் எப்படிச் சொல்வது?

போன வருஷம் இன்டர்ன்ஷிப்பில் எனக்குக் கிடைத்த வேலைகளிலேயே சின்னது ஒரு மெயில் எழுதுவதுதான். "ரிப்போர்ட் டேட்டாபேஸை அப்கிரேடு பண்றோம், ஒரு ராத்திரி சிங்க் ஓடாது. எல்லாருக்கும் ஒரு மெயில் டிராஃப்ட் பண்ணிடு தம்பி" என்றார் எங்கள் டீம் லீட் அக்கா. பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். அந்த மெயில் போக நான்கு நாள் ஆனது. நடுவில் எங்கள் சிங்க் கோடில் இருந்த ஒரு தப்பும் வெளியே வந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை. டேட்டா இன்ஜினியரிங் பக்கம் போகப்போகிறவர்களுக்கு எங்கேயாவது உதவும்.

முதலில் செட்டப்

கம்பெனியில் இரண்டு டேட்டாபேஸ் உண்டு. ஆர்டர் ஆப் எழுதுவது ஒன்றில். டேஷ்போர்டும் ரிப்போர்ட்டும் படிப்பது இன்னொன்றில். இரண்டுமே போஸ்ட்கிரெஸ். ஆப் ஓடும் டேட்டாபேஸிலேயே கனமான ரிப்போர்ட் குவெரிகளை ஓடவிட்டால் ஆர்டர் போடுகிறவருக்கு ஆப் திணறும். அதனால்தான் இந்தப் பிரிவு.

முதலாவதில் இருப்பதை இரண்டாவதுக்குக் கொண்டு போவதுதான் சிங்க். தினமும் அதிகாலை 1:30-க்கு க்ரான் அதை ஓட்டும்:

```
30 1 * * * /opt/sync/run_orders.sh
```

முந்தின நாள் நள்ளிரவு வரை மாறிய வரிகளை எடுத்துப் போட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். காலை 9 மணிக்கு ஆபீஸ் வருகிறவர் "நேற்று வரை" உள்ள கணக்கைப் பார்ப்பார்.

ரிப்போர்ட் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 12-ல் இருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதனால் 16-க்கு மாற வேண்டியிருந்தது.

என் முதல் டிராஃப்ட்

இதுதான் நான் எழுதியது. மெயில் ஆங்கிலத்தில்தான் போனது, இங்கே தமிழில் தருகிறேன்.

> பொருள்: திட்டமிட்ட பராமரிப்பு
>
> சனிக்கிழமை இரவு போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து 16-க்கு pg_upgrade மூலம் மாறுகிறோம். இரவு சிங்க் தற்காலிகமாக நிறுத்தப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அக்கா படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "இதைப் படிக்கிற அக்கவுன்ட்ஸ் சாருக்கு போஸ்ட்கிரெஸ்னா என்னன்னு தெரியுமா? ஞாயித்துக்கிழமை டேஷ்போர்டைத் திறந்தா அவருக்கு என்ன நம்பர் தெரியும்? திங்கக்கிழமை சிங்க் ஓடும்போது சனிக்கிழமை டேட்டாவும் சேர்ந்து வருமா?"

முதல் கேள்விக்கு வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். இரண்டாவதுக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவதுக்கு மட்டும் தைரியமாக "வரும் அக்கா" என்றேன். "கோடைப் பார்த்துட்டுச் சொல்றியா, நெனச்சுட்டுச் சொல்றியா?" என்றார். நினைத்துத்தான் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது கேள்வி: சனிக்கிழமை எங்கே போகும்?

கோடில் இருந்த குவெரி இது:

```sql
SELECT * FROM orders
WHERE updated_at >= CURRENT_DATE - 1
  AND updated_at <  CURRENT_DATE;
```

தினமும் ஓடினால் இதில் ஒரு குறையும் தெரியாது. ஒரு நாள் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று தேதி போட்டுப் பார்ப்போம். மார்ச் 15, 2025 சனிக்கிழமை. சனிக்கிழமை மாறிய வரிகளை எடுக்க வேண்டியது 16-ஆம் தேதி ஞாயிறு அதிகாலை 1:30-க்கு ஓடும் சிங்க். அதை நிறுத்துகிறோம். அடுத்தது 17-ஆம் தேதி திங்கள் அதிகாலை. அன்றைக்கு `CURRENT_DATE - 1` என்றால் 16-ஆம் தேதி. அதாவது அது ஞாயிறு மாறியதை மட்டும் எடுக்கும். சனிக்கிழமையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. க்ரானும் தவறவிட்டதை நினைவில் வைத்து ஓட்டாது. நேரம் போனால் போனதுதான்.

சனிக்கிழமை முழுக்கக் காணாமல் போனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால் முழுக்கப் போகாது. சனிக்கிழமை போட்ட ஆர்டரில் ஒரு பகுதி ஞாயிற்றுக்கிழமை டெலிவரி ஆகி ஸ்டேட்டஸ் மாறும். அப்போது அதன் `updated_at` ஞாயிறாகிவிடும், திங்கள் சிங்க்கில் அது வந்துவிடும். யாரும் தொடாத ஆர்டர்கள் மட்டும் விட்டுப்போகும்.

டெஸ்ட் காப்பி ஒன்றில் ஒரு ராத்திரியைத் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். ஆப் டேட்டாபேஸில் அந்த நாளுக்கு 1,900 ஆர்டர் இருந்தது. ரிப்போர்ட் பக்கம் 1,240 தான் வந்தது. டேஷ்போர்டில் பார்த்தால் அது தப்பு மாதிரியே தெரியவில்லை. "அன்னைக்கு வியாபாரம் கொஞ்சம் டல்" என்கிற மாதிரி ஒரு குட்டையான பார். பூஜ்யம் தெரிந்தால் யாராவது போன் பண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பாரை எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

திருத்தம் சின்னதுதான். "நேற்று" என்று நாட்காட்டியைக் கேட்பதற்குப் பதிலாக, "கடைசியாக வெற்றிகரமாக எதுவரை எடுத்தோம்" என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். `sync_state` என்று ஒரு சின்ன டேபிள் போட்டோம்.

```sql
SELECT * FROM orders
WHERE updated_at >= :last_synced_at
  AND updated_at <  CURRENT_DATE;
```

சனி அதிகாலை ஓடிய சிங்க் வெள்ளி நள்ளிரவு வரை எடுத்துவிட்டது. எனவே `last_synced_at` மதிப்பு `2025-03-15 00:00`. ஞாயிறு ஓடாததால் அது அப்படியே நிற்கும். திங்கள் அதிகாலை ஓடும்போது 15-ஆம் தேதி தொடக்கத்திலிருந்து 16-ஆம் தேதி முடிவு வரை இரண்டு நாளும் ஒரே வாரலில் வரும். ஒரு ராத்திரிக்குப் பதில் மூன்று ராத்திரி நின்றாலும் இதே கணக்குதான்.

இதில் இரண்டு கண்டிஷன் உண்டு. வரிகள் ஏறுவதும் `last_synced_at` நகர்வதும் ஒரே டிரான்சாக்ஷனில் நடக்க வேண்டும். குறிப்பு முதலில் நகர்ந்து லோடு பாதியில் விழுந்தால் மறுபடி அதே ஓட்டைதான். இரண்டாவது, அதே வரி இரண்டு தடவை வந்தாலும் டூப்ளிகேட் ஆகக் கூடாது. அதற்கு `INSERT ... ON CONFLICT (order_id) DO UPDATE` போதும்.

இதை ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுச் சரிபார்த்தோம். இப்போதுதான் "சனிக்கிழமை டேட்டா திங்களன்று வந்துவிடும்" என்று மெயிலில் எழுத எனக்கு உரிமை வந்தது.

இரண்டாவது கேள்வி: ஞாயிறன்று என்ன தெரியும்?

அப்கிரேடு ஞாயிறு அதிகாலை 5 மணிக்கே முடிந்துவிடும். உடனே சிங்க்கை ஓட்டலாமே என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். அப்கிரேடுக்கு முன் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறோம். அப்கிரேடுக்குப் பின் அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் புது டேட்டா கலந்துவிட்டால் ஒப்பிட முடியாது. அதனால் ஞாயிறு பகல் முழுக்க டேட்டா உறைந்தே இருக்கட்டும் என்று முடிவானது.

அப்படியென்றால் ஞாயிறு டேஷ்போர்டைத் திறப்பவருக்கு என்னென்ன தெரியும் என்று ஒவ்வொரு திரையாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் மூன்று வகையில் அடங்கின.

முதல் வகை, வெறும் தாமதம். ஆர்டர் பட்டியல் வெள்ளிக்கிழமையோடு நிற்கும். திங்களன்று சரியாகிவிடும்.

இரண்டாவது வகை, தற்காலிகமாகப் பொய் சொல்வது. எங்கள் விற்பனை சார்ட்டில் டேட்டா இல்லாத நாளுக்கும் பூஜ்யம் போடும்படி எழுதியிருந்தார்கள். எனவே சனிக்கிழமைக்கு "0" என்று வரும். வாரக் கூட்டுத்தொகையில் ஒரு நாள் குறையும், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறியோடு "விற்பனை சரிவு" என்று காட்டும். தினமும் காலை 8 மணிக்குத் தானாகப் போகும் ரிப்போர்ட் மெயில் "நேற்றைய விற்பனை ₹0" என்று மேனேஜர்களின் போனுக்குப் போகும். இந்தக் கடைசி ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். மெயிலில் எவ்வளவு விளக்கம் எழுதினாலும் ஞாயிறு காலை அந்த ₹0-வைப் பார்ப்பவர் அந்த விளக்கத்தைத் தேடிப் படிக்க மாட்டார்.

மூன்றாவது வகை, திரும்ப வராதது. சிங்க் முடிந்ததும் "இன்றைய நாள் முடிவில் எத்தனை ஆர்டர் பேக்கிங்கில், எத்தனை வண்டியில்" என்று ஒரு கணக்கெடுத்து வைக்கும் வேலை ஒன்று ஓடும். திங்களன்று நாம் எடுப்பது ஒவ்வொரு ஆர்டரின் கடைசி நிலையை மட்டும்தான். சனி இரவு பேக்கிங்கில் இருந்து ஞாயிறு டெலிவரி ஆன ஆர்டர், "டெலிவரி ஆனது" என்றுதான் வரும். சனி இரவு அது எந்த நிலையில் இருந்தது என்ற தகவல் ஆப் டேட்டாபேஸிலேயே கிடையாது. ஆகவே மார்ச் 15-க்கான நாள்முடிவு நிலுவைக் கணக்கு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். குடோன் சூப்பர்வைசர் தினமும் பார்ப்பது இதைத்தான். அவருக்கு வேண்டுமானால் சனி மாலை ஆப்பிலிருந்தே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதை அவரிடம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். இந்த மெயிலில் மிக அவசரமான வரி இதுதான், என் முதல் டிராஃப்டில் இதன் வாடையே இல்லை.

தேதியும் நேரமும்

முதலில் நாங்கள் வைத்திருந்த தேதி மார்ச் 29. அக்கவுன்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்டபோது, "மார்ச் 31 இயர் எண்டிங் தம்பி, அந்த வாரம் கை வைக்காதீங்க" என்றார்கள். அதனால்தான் இரண்டு வாரம் முன்னால் வந்தோம். தேதியை அறிவித்துவிட்டுக் கேட்டிருந்தால் இரண்டு மெயில் போயிருக்கும்.

நேரத்தில் இன்னொரு சிக்கல். அதிகாலை 1:30-ஐ நாம் பேச்சில் "சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி" என்றுதான் சொல்வோம். காலண்டர்படி அது ஞாயிறு. "சனிக்கிழமை ராத்திரி சிங்க் ஓடாது" என்று எழுதினால், ஒருவர் வெள்ளி முடிந்து சனி பிறக்கும் 1:30 என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அடுத்த ராத்திரி என்று எடுத்துக்கொள்வார். தேதி, கிழமை, மணி மூன்றையும் சேர்த்து எழுதினால் சண்டை இல்லை.

ஆறு மணி நேரம் எதற்கு? ஒத்திகையில் மொத்த வேலையும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. `pg_upgrade`-இல் `--link` போட்டால் சில நிமிஷத்தில் முடியும், ஆனால் புது சர்வரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பழையதைப் பத்திரமாக மறுபடி திறக்க முடியாது. நாங்கள் முழுக்கக் காப்பி எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். நேரம் அதிகம், ஆனால் பழையது அப்படியே இருக்கும். அதோடு இந்தப் பதிப்புகளுக்கு இடையில் மாறும்போது குவெரி பிளானரின் புள்ளிவிவரங்கள் கூட வராது. `vacuumdb --all --analyze-in-stages` ஓட்டி முடிக்கும் வரை குவெரிகள் நத்தை மாதிரி நகரும். அதையும் டேஷ்போர்டைத் திறக்கும் முன்பே முடிக்க வேண்டும். மீதி நேரம், ஏதாவது தப்பானால் பழையதுக்குத் திரும்ப. அதிகாலை 3 மணிக்குள் சரியாகாவிட்டால் திரும்பிவிடுவது என்று முன்பே பேசி வைத்தோம். அதனால் அப்கிரேடு ஜெயித்தாலும் தோற்றாலும் 5 மணிக்கு டேஷ்போர்டு திறக்கும், தெரியும் எண்களும் ஒன்றேதான். மெயிலில் கொடுத்த வாக்கு எந்தப் பக்கம் போனாலும் உடையாது.

கடைசியில் போன மெயில்

> பொருள்: மார்ச் 16 ஞாயிறு முழுவதும் டேஷ்போர்டில் வெள்ளிக்கிழமை வரையிலான கணக்குதான் இருக்கும்
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> மார்ச் 15 சனி இரவு 11:00 முதல் மார்ச் 16 ஞாயிறு அதிகாலை 5:00 வரை ரிப்போர்ட் டேட்டாபேஸில் பராமரிப்பு வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் டேஷ்போர்டு திறக்காது. ஆர்டர், பேமென்ட், டிஸ்பாட்ச் ஆப்கள் வழக்கம்போல் ஓடும்.
>
> ஞாயிறு அதிகாலை 1:30 சிங்க் ஓடாது. அதனால் ஞாயிறு முழுவதும் டேஷ்போர்டில் மார்ச் 14 வெள்ளி வரையிலான கணக்கு மட்டும் இருக்கும். சனிக்கிழமை விற்பனை 0 என்றும் வாரக் கூட்டுத்தொகை குறைவாகவும் தெரியும். அது உண்மையான விற்பனை அல்ல. ஞாயிறு காலை 8 மணி ரிப்போர்ட் மெயில் வராது.
>
> மார்ச் 17 திங்கள் காலை 9:00 மணிக்குள் சனி, ஞாயிறு இரண்டு நாள் கணக்கும் வந்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.
>
> திரும்ப வராத ஒன்று: மார்ச் 15-க்கான நாள்முடிவு நிலுவை எண்ணிக்கை பதிவாகாது. அது தேவைப்படுபவர்கள் சனி மாலை டிஸ்பாட்ச் ஆப்பிலிருந்து குறித்துக்கொள்ளவும்.
>
> திங்கள் 9:00 மணிக்கு மேலும் சனிக்கிழமை 0 என்றே தெரிந்தால் இந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்கள். வேலை முடிந்ததும் நாங்களும் ஒரு மெயில் அனுப்புவோம்.

பொருள் வரியைக் கவனியுங்கள். மெயிலைத் திறக்காமலே கடந்துபோகிறவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற வார்த்தையே மெயிலில் இல்லை. இரண்டு நாள் டேட்டா என்பதால் சிங்க் இருபது நிமிஷத்துக்குப் பதில் நாற்பது நிமிஷம் ஓடும், 2:10-க்கு முடிந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் 9 மணி என்றுதான் எழுதினோம், ஏனென்றால் அதற்கு முன்னால் யாரும் பார்ப்பதில்லை. 2:10 என்று எழுதி ஒரு தடவை தோற்றுத் திரும்ப ஓட்ட நேர்ந்தால், யாருக்கும் நஷ்டமில்லாமல் வாக்கு மட்டும் தவறியிருக்கும்.

திங்கள் காலை

சிங்க் ஓடியது. 7 மணிக்கு இந்தக் குவெரியை இரண்டு டேட்டாபேஸிலும் ஓட்டினோம்:

```sql
SELECT order_date, count(*) FROM orders
WHERE order_date BETWEEN '2025-03-14' AND '2025-03-16'
GROUP BY order_date ORDER BY order_date;
```

மூன்று நாளும் அப்படியே பொருந்தின. "எல்லாம் வந்துவிட்டது" என்று மெயில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒன்பதரைக்கு அக்கவுன்ட்ஸ் சார் போன். "தம்பி, ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட் வராதுன்னு சொன்னீங்க, சரி. இன்னைக்கும் வரலையே?"

சனி இரவு க்ரானில் நான் இரண்டு வரிகளுக்கு முன்னால் `#` போட்டிருந்தேன். ஒன்று சிங்க், இன்னொன்று ரிப்போர்ட் மெயில். ஞாயிறு மாலை ஒன்றை மட்டும் எடுத்தேன். சிங்க்கைப் பற்றியே நான்கு நாள் யோசித்ததில் மற்றது மறந்தே போனது. எண்களைச் சரிபார்க்கக் குவெரி இருந்தது, நிறுத்தியதெல்லாம் திரும்ப ஓடுகிறதா என்று பார்க்க எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டைக் கையால் ஓட்டி அனுப்பிவிட்டு, சாருக்கு ஒரு சாரி சொன்னேன். அக்கா திட்டவில்லை. என் நோட்டை வாங்கி நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் "நிறுத்தியது", வலப்பக்கம் "திரும்ப ஓடவிட்டது, யார், எத்தனை மணிக்கு". "வலப்பக்கம் காலியா ஒரு வரி இருந்தாலும் 'எல்லாம் வந்துடுச்சு' மெயில் போகக் கூடாது" என்றார். அடுத்த தடவையிலிருந்து அந்த நோட்டைப் பார்த்துத்தான் கடைசி மெயிலை எழுதினேன்.